கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளையிடம் ‘ஏன்’ என்று கேட்பதற்குப் பதிலாக

கேள்வி: சேலத்தில் மனநலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 14, 15 வயதுப் பிள்ளைகள் கையைக் கீறிக்கொண்டு வருகிறார்கள், ஏற்காட்டு விடுதிகளில் இருந்தும்கூட. ‘ஏன் செஞ்ச?’ என்றால் ‘தெரியல’ என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. இவர்களுக்கு மென்டலைசேஷன் முறையில் நிஜமாக என்ன செய்ய வேண்டும்? ஒரு கேஸ் வைத்து விளக்க முடியுமா?

பதில்:

‘தெரியல’ என்பதை மழுப்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது உண்மையான பதில். மனம் கொந்தளிக்கும்போது, தனக்குள் என்ன ஓடுகிறது, எதிரே இருப்பவர் மனதில் என்ன இருக்கும் என்று நிதானமாக எண்ணிப் பார்க்கும் திறன், அதாவது மென்டலைசேஷன், அணைந்துவிடுகிறது. அது அணைந்திருந்தபோது நடந்த ஒன்றுக்குக் காரணம் கேட்டால், அன்றைக்கு இல்லாமல் போன அதே திறனைத்தான் இன்றைக்குப் பிள்ளையிடம் கேட்கிறோம். ‘ஏன்’ என்பதில் குற்றம்சாட்டும் தொனியும் சேர்ந்தே வருவதால் பதற்றம் ஏறுகிறது, திறன் இன்னும் குறைகிறது. அதனால் இந்த முறையில் ‘ஏன்’ என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, ‘எந்த நிமிடம் வரைக்கும் உன்னால் யோசிக்க முடிந்தது’ என்று தேடுகிறோம். அந்தத் தேடலை எப்படிச் செய்வது என்பதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். மற்றதைத் தேவைப்படும் அளவுக்கு மட்டும் தொடுகிறேன்.

முறையின் பின்னணி சுருக்கமாக. உணர்ச்சியும் உறவும் நிலைகொள்ளாமல் அலைக்கழிக்கும் பார்டர்லைன் பர்சனாலிட்டி உள்ள பெரியவர்களுக்காக லண்டனில் பீட்டர் ஃபோனகியும் ஆன்டனி பேட்மனும் வடிவமைத்தது இது. வளரிளம் பிள்ளைகளுக்காக மாற்றிய வடிவத்தை ட்ரூடி ரொசோவும் ஃபோனகியும் சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள். தங்களைக் காயப்படுத்திக்கொள்ளும் 80 பிள்ளைகள் அதில் இருந்தார்கள். அநேகமாக எல்லோருக்கும் மனச்சோர்வும் இருந்தது. 12 மாத சிகிச்சை: வாரம் ஒரு தனி அமர்வு, மாதம் ஒரு குடும்ப அமர்வு. ஆண்டு முடிவில் இந்த முறையில் இருந்தவர்களில் 56 சதவீதமும், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 83 சதவீதமும் இன்னும் காயப்படுத்திக்கொள்வதாகச் சொன்னார்கள். இந்த 56-ஐ மறக்காமல் இருப்பது நல்லது. ஓர் ஆண்டு ஒழுங்காகச் செய்தாலும் பாதிப் பேருக்கு மேல் பழக்கம் முற்றிலும் நிற்கவில்லை என்பதுதான் அதன் பொருள். குடும்பத்திடம் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கீறலைப் பார்த்த அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்தத் திறன் அணையும்போது பிள்ளை மூன்று விதமான நிலைகளில் ஒன்றுக்குள் விழுகிறது. எந்த நிலை என்று காதில் பிடித்தால்தான் நாம் அடுத்து என்ன பேசுவது என்று தெரியும். முதலாவது, நினைப்பதே நிஜமாகிவிடும் நிலை. சைக்கிக் ஈக்விவலன்ஸ் என்பார்கள். ‘அம்மாவுக்கு நான் வேண்டாம்’ என்று தோன்றினால் அது தோன்றல் அல்ல, நடந்து முடிந்த உண்மை. ‘இருக்கலாம்’, ‘ஒருவேளை’ போன்ற சொற்கள் பேச்சிலிருந்து காணாமல் போய், ‘எப்பவுமே’, ‘யாருமே’ வந்து உட்காரும். இரண்டாவது டெலியாலஜிக்கல் நிலை. கண்ணால் பார்க்கும் செயல் ஒன்றுதான் சாட்சி. சொல்லுக்கும் எண்ணத்துக்கும் மதிப்பில்லை. வந்தால் பாசம், வராவிட்டால் பாசமில்லை. தன் வலியும் தோலில் தெரிந்தால்தான் வலி. மூன்றாவது ப்ரிடெண்ட் நிலை, அதாவது வெறும் பேச்சு. ‘எனக்கு அபாண்டன்மென்ட் இஷ்யூ இருக்கு மேடம், டாக்ஸிக் ஃபேமிலி’ என்று ரீல்ஸில் கேட்ட சொற்களை அழகாக அடுக்கும். முகத்தில் எந்த அசைவும் இருக்காது. நமக்கும் ‘நல்ல இன்சைட் இருக்கிறதே’ என்று தோன்றும். மூன்று வாரம் பேசியபின் திரும்பிப் பார்த்தால் ஒன்றும் நகர்ந்திருக்காது. அனுபவம் உள்ளவர்களும் அதிகம் ஏமாறுவது இந்த மூன்றாவதில்தான்.

தேடலைத் தொடங்குமுன் செய்து முடிக்க வேண்டியவை சில உண்டு. காயத்தைப் பாருங்கள். பார்க்கும்போதே மாத்திரையோ மருந்தோ ஏதாவது விழுங்கியதுண்டா என்று நேராகக் கேளுங்கள். கையைக் காட்டும் பிள்ளை அதைக் காட்டாமல் வைத்திருக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் அப்போது இருந்ததா, இப்போது இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. உறுதியான திட்டம், மனச்சிதைவின் அறிகுறி, போதை இவற்றில் ஒன்று இருந்தால் முதலில் அதற்கான சிகிச்சையும் பாதுகாப்பும். இந்தப் பேச்சு பிறகு. அடுத்தது ரகசியம் காப்பதன் எல்லை. ‘நீ சொல்றது உனக்கும் எனக்கும் நடுவுலதான். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு தோணினாலும், யாராவது உன்கிட்ட தப்பா நடந்திருந்தாலும் நான் சொல்லியே ஆகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிடுவேன்’ என்று முதல் அமர்விலேயே இந்த அளவுக்கு எளிமையாகச் சொல்லிவிட வேண்டும். 18 வயதுக்குக் கீழே பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி தெரிவிப்பது கட்டாயம். மூன்றாவது மாதத்தில் திடீரென்று இதைச் சொன்னால் அதுவரை கட்டிய நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும்.

இனி கேஸ். விளக்குவதற்காகக் கோத்தது, எந்த ஒரு பிள்ளையின் கதையும் அல்ல.

யாழினி, 15 வயது, பத்தாம் வகுப்பு, ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீடு சிவதாபுரம் பக்கம். அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை, அம்மாவும் அதில் வேலை செய்கிறார். எட்டு வயதுத் தம்பி வீட்டில் இருக்கிறான். ஆறு மாதமாக மாதம் இரண்டு மூன்று முறை முன்கையில் கீறிக்கொள்கிறாள். கடைசியாக நடந்தது ஒரு ஞாயிறு இரவு. திங்கள் காலை வார்டன் பார்த்துவிட்டு வீட்டுக்குச் சொல்ல, வியாழக்கிழமை அழைத்து வருகிறார்கள். சாகும் எண்ணம் இல்லை, எதையும் விழுங்கவில்லை, மிதமான மனச்சோர்வு இருக்கிறது. முதல் கேள்விக்கு வந்த பதில்: ‘தெரியல மேடம். டென்ஷன்.’

இங்கே செய்ய வேண்டியது, கீறிய நேரத்தை விட்டுவிட்டு, அவள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்துக்குப் போவது. ‘ஸ்டாப், ரீவைண்ட், எக்ஸ்ப்ளோர்’ என்று இதற்குப் பெயர்: நிறுத்து, பின்னால் போ, அங்கிருந்து மெதுவாக நடந்து வா.

‘சரி, ராத்திரிய விடு. கொஞ்சம் பின்னாடி போலாமா? ஞாயித்துக்கிழமை மத்தியானம் எப்படி இருந்த?’

‘நல்லாத்தான் இருந்தேன். அம்மா வரேன்னு சொல்லியிருந்துச்சு. முறுக்கு டப்பாவக் கழுவி வச்சிருந்தேன், குடுத்தனுப்ப.’

‘டப்பாவக் கழுவி வச்சிட்டுக் காத்திருந்த. அப்போ மனசு?’

‘சந்தோஷமாத்தான்.’

இதுதான் நமக்கு வேண்டிய தரை. இந்த இடத்தில் அவளால் தன் மனதைச் சொல்ல முடிகிறது, அம்மாவை ஆசையோடு எதிர்பார்க்கவும் முடிகிறது. இங்கிருந்து ஒவ்வொரு அடியாக முன்னால் வர வேண்டும். அவசரமே கூடாது. நாலரை மணிக்கு வார்டன் அறையில் போன் வருகிறது.

‘அம்மா என்ன சொன்னாங்க?’

‘ஆர்டர் இருக்கு, முடியல கண்ணு, அடுத்த வாரம் வரோம்னுச்சு.’

‘அதக் கேட்டப்போ?’

‘பரவால்லன்னுதான் இருந்துச்சு. வேலைதான.’

கவனியுங்கள், இன்னும் மனம் அணையவில்லை. ஏமாற்றம் இருக்கிறது, ஆனாலும் அம்மாவின் பக்கத்தை அவளால் எண்ணிப் பார்க்க முடிகிறது. ‘வேலைதான’ என்பது அதற்கு அடையாளம். ‘அம்மா வராததால் கீறினாள்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதத் துடிக்கும் இடமும் இதுதான். எழுதியிருந்தால் தவறாகப் போயிருக்கும்.

‘அப்புறம்? போன வைக்கறதுக்கு முன்னாடி வேற ஏதாவது?’

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு: ‘பின்னாடி தம்பி சிரிச்சுட்டு இருந்தான். அப்பாவும் சிரிச்சாரு.’

‘ம்.’

‘நான் இல்லன்னா வீடு நல்லாத்தான் இருக்கு.’

குரல் தட்டையாகிறது, கண் தரைக்குப் போகிறது. இதுதான் அந்த நிமிடம். சிரிப்புச் சத்தம் காதில் விழுந்ததும், ‘நான் இல்லாவிட்டால்தான் வீடு நன்றாக இருக்கிறது’ என்பது எண்ணமாக இல்லாமல் உண்மையாகவே மாறிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இந்த உண்மையின் வழியாகத்தான் அவளுக்குக் கேட்டிருக்கிறது. ஆறு மணிக்குத் தோழியிடம் போனபோது, ‘டெஸ்ட் இருக்குடி, அப்புறம் பேசலாமா’ என்று அவள் சொன்னாள். யாழினி கேட்டது ‘நீ வேண்டாம்’ என்று. இரவு உணவு இறங்கவில்லை. பத்து மணிக்கு, அவள் வார்த்தையில், ‘ஒன்னுமே இல்லாத மாதிரி, மரத்துப்போன மாதிரி’ ஆகிவிட்டது. கீறிக்கொண்டாள். தூக்கம் வந்தது.

இந்த வரிசை கையில் கிடைத்த கணத்தில் ஒரு தவறு தானாக வந்து நிற்கும். ‘உன் மேல பாசம் இல்லாமலா உங்கம்மா ராத்திரி பகலா உழைக்கறாங்க?’ என்று கேட்டுவிடுவோம். கேள்வி நியாயமானது, நேரம் தவறானது. நினைப்பதே நிஜமாக இருக்கும் நிலையில் உள்ள பிள்ளைக்கு எதிர்வாதம் ஆறுதலாக இறங்காது. ‘இவரும் அவர்கள் கட்சி’ என்றுதான் படும். அந்த நிலையில் முதலில் செய்ய வேண்டியது அவள் பக்கம் போய் நிற்பது. ‘நீ டப்பாவக் கழுவி வச்சிட்டுக் காத்திருக்க, அங்க எல்லாரும் சிரிக்கற சத்தம் கேக்குது. அந்த நேரத்துல அப்படித் தோணினா ரொம்ப வலிச்சிருக்கும்.’ இவ்வளவு போதும். அவள் நினைத்தது சரி என்று நாம் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படி நினைத்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறோம். மூச்சு இறங்கி, கண் மேலே வந்து, ‘தோணுச்சு’ என்று அவளே சொல்லும்போதுதான் அடுத்த வாசல் திறக்கும். ‘இப்ப இங்க உக்காந்து யோசிச்சா, அந்தச் சிரிப்பு எதுக்கா இருந்திருக்கலாம்?’ யாழினி சொன்னது: ‘தெரியல... டிவியா இருக்கும். தம்பி ஏதாவது கோமாளித்தனம் பண்ணியிருப்பான்.’ இத்தனை சிறிய நகர்வுதான். சிரிப்புக்கு இரண்டு விளக்கம் இருக்க முடியும் என்பது அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. அன்றைய அமர்வில் இதற்கு மேல் எதையும் கறக்க வேண்டாம்.

பதற்றத்தின் அளவை வைத்து நம் பேச்சை மாற்றுவதுதான் இந்த முறையின் கைப்பழக்கம். பதற்றம் ஏறினால் வாக்கியம் சிறியதாக, குரல் தாழ்ந்ததாக, கேள்வி குறைவாக இருக்க வேண்டும். உள்விளக்கம் எதுவும் கூடாது. ‘சின்ன வயசுல தம்பி பிறந்தப்ப ஒதுக்கப்பட்ட உணர்வு’ என்பது போன்ற ஆழமான விளக்கம் சரியாகவே இருந்தாலும், அதை உள்வாங்கும் திறன் அந்த நேரத்தில் அவளிடம் இல்லை. அப்படியே ஏற்றுக்கொண்டு தலையாட்டுவாள், வெறும் பேச்சு நிலைக்குப் போவாள். மாறாகப் பதற்றமே இல்லாமல் சொற்கள் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால், அங்கே இடைமறிப்பது நம் வேலை. ‘ஒரு நிமிஷம், அபாண்டன்மென்ட்னு சொன்னியே, அது போன வாரம் எந்த நாள்ல, எத்தன மணிக்கு வந்துச்சு?’ என்று நாள், மணி, இடம், முகம் என்று தரைக்கு இழுக்க வேண்டும்.

பெரியவர்களை விடப் பிள்ளைகளிடம் அடிக்கடி தேவைப்படுவது, நம் மனதையும் வெளியே வைப்பது. மூன்றாவது வாரம் யாழினி பேசாமல் நகத்தைக் கிள்ளிக்கொண்டிருக்கிறாள். ‘எதிர்ப்பு’ என்று குறிப்பு எழுதுவதை விட, ‘நான் கேட்டுட்டே இருக்கறது உன்னத் துருவற மாதிரி இருக்கோன்னு எனக்குத் தோணுது. நான் நினைக்கறது தப்பாவும் இருக்கலாம்’ என்று சொல்லிப் பார்ப்பது மேல். அவள் சொன்னாள்: ‘இல்ல, நீங்க போன வாரம் வாட்ச்சப் பாத்தீங்க.’ பார்த்திருந்தால், பார்த்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பார்த்தபோது உண்மையில் என்ன நினைத்தோம் என்பதைச் சொல்லி, அவள் என்ன நினைத்தாள் என்று கேட்க வேண்டும். வீட்டில் நடந்த அதே சம்பவம் இங்கே நம் கண் முன்னால் நடக்கிறது: ஒரு செயல் தெரிந்தது, ஒரே அர்த்தம் பிறந்தது. அறைக்குள் வைத்தே இரண்டாவது அர்த்தத்தைத் தேடிப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பை ‘சாரிம்மா’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடக் கூடாது.

முதல் மூன்று அல்லது நான்கு அமர்வுகளுக்குள், புரிந்துகொண்டதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அவளிடமே படித்துக் காட்ட வேண்டும். நோய்ப் பெயர்களைக் கொண்டு நிரப்பக் கூடாது. யாழினிக்கான தாளில் இப்படி ஒரு பத்தி வரும்: ‘யாருக்கும் நீ வேண்டாம் என்று தோன்றும்போது, அது தோன்றுவது போலவே இருப்பதில்லை, நிஜம் போல இருக்கிறது. அதன் பிறகு யார் என்ன சொன்னாலும் அதையேதான் சொல்வது போலக் கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் மரத்துப்போகிறது. கீறினால் மரத்தது போகிறது, தூக்கம் வருகிறது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து, மரத்துப்போவதற்கு முந்தைய நேரத்தைக் கண்டுபிடிக்கப் பழகப் போகிறோம்.’ படித்தபின் ‘எது சரியில்ல, எத மாத்தணும்?’ என்று கேட்டு அவள் கையாலேயே அடித்துத் திருத்த விடுங்கள். ஒரு வரியைக்கூடத் திருத்தாமல் ‘சூப்பர் மேடம்’ என்றால் சந்தேகப்படுங்கள்.

அதே தாளின் பின்பக்கம் நெருக்கடித் திட்டம். வழக்கமாக எழுதும் ‘மூச்சுப் பயிற்சி, பாட்டு கேள், நண்பரிடம் பேசு’ என்ற பட்டியல் இந்தப் பிள்ளைக்கு உதவாது. தோழியிடம் பேசப் போனதுதான் அன்றைக்கு இரண்டாவது அடியானது. திட்டம் அவளுடைய வரிசையிலிருந்தே வர வேண்டும். முதல் அடையாளம்: ‘யாருமே’ என்ற சொல் மனதில் ஓடுவது, சாப்பாடு இறங்காதது. அந்த நேரத்தில் யாரிடமும் முடிவான கேள்வி கேட்கப் போகக் கூடாது. வார்டனிடம் போய், இருவரும் முன்பே பேசிவைத்த ஒரே வாக்கியம்: ‘அக்கா, இங்க கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்.’ வார்டன் காரணம் கேட்கக் கூடாது, கையைத் தூக்கிப் பார்க்கக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது. பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே. பெரியவர்களின் பங்கையும் இப்படி எழுத்தில் வைக்காத திட்டம் தாளோடு நின்றுவிடும். விடுதியிலும் வீட்டிலும் மாத்திரைகளைப் பூட்டி வைப்பதும், எஸ்டேட்டில் தெளிக்கும் மருந்தும் பட்டறை ரசாயனங்களும் கைக்கு எட்டாமல் இருப்பதும் தாளின் ஒரு பகுதி. இரவு நேரத்துக்கு அரசின் மனநல உதவி அழைப்பான டெலிமானஸ் எண் 14416 கீழே இருக்க வேண்டும்.

மாதம் ஒரு குடும்ப அமர்வு என்பதைப் பெற்றோருக்கு வகுப்பு எடுக்கும் நேரமாக ஆக்கிவிடுவது இன்னொரு பொதுவான சறுக்கல். பிள்ளையைப் போலவே அவர்களுக்கும் அந்தத் திறன் அணைந்துதான் கிடக்கிறது. யாழினியின் அப்பா உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்: ‘நாங்க யாருக்குங்க பாடுபடறோம்? பீஸ் கட்டறது யாருக்கு? இவ இப்படிப் பண்ணலாமா?’ இதுவும் டெலியாலஜிக்கல் நிலைதான். பணம் கட்டுவதுதான் பாசத்தின் சாட்சி, கீறிக்கொள்வது நன்றிகெட்ட தனத்தின் சாட்சி. அம்மாவோ பிள்ளை லீவுக்கு வந்தால் தினமும் இரண்டு கையையும் திருப்பிப் பார்க்கிறார். பாசத்தில் செய்வதுதான்; ஆனால் அம்மாவின் கவனம் கையில் இருக்கிறது, மனதில் இல்லை என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. காயம் இருந்தால் கவனம், இல்லாவிட்டால் இல்லை என்பது அதன் அடுத்த பாடம். ‘கவனம் ஈர்க்கச் செய்கிறாள்’ என்ற முத்திரையை அம்மாவும் ஆசிரியரும் நாமும் சேர்ந்து இப்படித்தான் உருவாக்குகிறோம்.

இந்த அமர்வில் ஒரே ஒரு சிறிய சம்பவத்தை மட்டும் எடுங்கள். பெரிய சண்டை வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமை போன் போதும். யாழினியின் அனுமதியை முந்தைய தனி அமர்விலேயே வாங்கியிருக்க வேண்டும். முதலில் அப்பாவை நிறுத்த வேண்டும். அவரைத் திருத்துவது போல அல்லாமல், அவர் பயத்தைப் பிடித்து. ‘வார்டன் போன் பண்ணப்ப உங்களுக்கு எப்படிங்க இருந்துச்சு?’ அவர் சற்றுத் தடுமாறி, ‘கை காலெல்லாம் நடுங்கிருச்சுங்க. வண்டிய ஓட்ட முடியல, மச்சான்தான் ஓட்டுனாரு’ என்றார். யாழினி நிமிர்ந்து பார்த்தாள். கோபம் மட்டும் தெரிந்த இடத்தில் நடுக்கமும் இருந்தது அவளுக்குப் புதிய செய்தி. அடுத்து ஒருவர் மனதை மற்றவர் ஊகித்து, ஊகம் சரியா என்று அவரிடமே கேட்க வேண்டும். ‘போன்ல உங்க சிரிப்புச் சத்தம் கேட்டப்ப பாப்பாவுக்கு என்ன தோணியிருக்கும்னு நினைக்கறீங்க?’ ‘நாங்க நல்லாருக்கோம்னு சந்தோஷப்பட்டிருக்கும்.’ ‘பாப்பாகிட்டயே கேட்டுப் பாருங்களேன்.’ ஊகத்தைச் சரிபார்க்கும் இந்த ஒற்றைச் செயலைத்தான் அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும்.

யாழினி பதில் சொன்னதும் அம்மா அழ ஆரம்பித்தார். இங்கே பலர் ‘நல்ல திருப்பம்’ என்று மேலே போவார்கள். போகக் கூடாது. அழுகை ஏறும்போது அறையில் உள்ள நால்வரின் திறனும் இறங்குகிறது. அடுத்த ஐந்து நிமிடத்தில் ‘நான் கெட்ட அம்மா’ என்றோ ‘என்னாலதான் எல்லாம்’ என்றோ யாராவது ஒருவர் முடிவுகட்டிவிடுவார். பேச்சை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, மெதுவான கேள்விக்குப் போய், அன்றைக்கு அதோடு முடித்துக்கொள்வது சரி. கையைத் திருப்பிப் பார்ப்பதற்குப் பதிலாக ‘இன்னிக்கு எப்படி இருந்துச்சு’ என்று ஒரு கேள்வி. வர முடியாவிட்டால் போனில் சொல்வதோடு, எந்தக் கிழமை வருவோம் என்பதையும் சேர்த்துச் சொல்வது. முதல் குடும்ப அமர்வுக்கு இந்த இரண்டே மாற்றம் போதும்.

நான்காவது மாதம் யாழினி மறுபடி கீறிக்கொண்டாள். பெற்றோர் எல்லாம் வீணாகிவிட்டது என்றார்கள். வரிசையைப் போட்டுப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. மாதம் இரண்டு மூன்று முறை என்பது இரண்டு மாதத்தில் ஒன்றாகியிருந்தது. இந்தத் தடவை ‘யாருமே’ வந்தது அவளுக்கே தெரிந்தது. வார்டன் அறைக்குப் போயிருக்கிறாள், வார்டன் அன்றைக்கு ஊரில் இல்லை, மாற்று ஆள் திட்டத்தில் இல்லை. திட்டத்தில் ஓட்டை இருந்தது நம் தவறு, அவள் தோல்வி அல்ல என்பதை அவளிடமும் பெற்றோரிடமும் சொல்லி, இரண்டாவது பெயரைச் சேர்க்க வேண்டும். முன்னேற்றத்தை எண்ணிக்கையால் மட்டும் அளக்காதீர்கள். நல்ல நிலைக்கும் கீறலுக்கும் நடுவே எத்தனை கட்டங்களை அவளால் சொல்ல முடிகிறது என்பது எண்ணிக்கையை விட முன்னதாகவே மாறும்.

சேலத்துப் புறநோயாளிப் பிரிவில் வாரம் 50 நிமிடம் கிடைக்காது என்பது உண்மை. மலையிலிருந்து இறங்கி ஏற ஒரு நாள் பள்ளி போய்விடும். வாரம் 30 நிமிடமாகக் குறைத்து, இரண்டில் ஒன்றைக் காணொளி அழைப்பில் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். அழைப்பின்போது அவள் தனியறையில் இருக்கிறாள் என்பதையும், அருகில் ஒரு பெரியவர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார் என்பதையும் முதலிலேயே உறுதிசெய்ய வேண்டும். மேலே சொன்ன 2012 ஆய்வு சோதித்தது இந்தச் சுருக்கத்தை அல்ல. அதன் எண்களை இதற்குப் பொருத்திப் பேச வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் குழுவாகச் செய்தால் நேரம் மிச்சமாகுமே என்று தோன்றும். பார்டர்லைன் அறிகுறி உள்ள வளரிளம் பிள்ளைகளிடம் டென்மார்க்கில் குழு வடிவத்தைச் சோதித்து 2020-இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையை விட அது மேலாக இருக்கவில்லை. நேரம் குறைவு என்றால் குழுவை விட, தனி அமர்வைச் சுருக்கி மாதாந்தரக் குடும்ப அமர்வை விடாமல் பிடித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் சரி என்றும் இல்லை. காயப்படுத்திக்கொள்வதைக் குறைப்பதில் வளரிளம் பருவத்தினரிடம் அதிகச் சான்று உள்ளது டிபிடி எனப்படும் டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபிக்குத்தான். அதில் பயிற்சி பெற்றவர் கிடைக்கிறார், பிள்ளை திறன்களைக் கற்றுப் பழகத் தயாராக இருக்கிறாள் என்றால் அங்கே அனுப்பத் தயங்க வேண்டாம். உறவில் ஏற்படும் சிறு உரசல் ஒன்றுக்குப் பின் கீறல் வருகிறது, அடுத்தவர் மனதைப் பற்றிய முடிவுகள் ஒரே கணத்தில் உறைந்துவிடுகின்றன என்ற படம் இருக்கும் பிள்ளைக்கு மென்டலைசேஷன் நன்றாகப் பொருந்தும். மூன்று மாதம் கழித்தும் எண்ணிக்கையும் மாறவில்லை, வரிசையைச் சொல்லும் திறனும் மாறவில்லை என்றால் மூன்றைச் சோதியுங்கள். மனச்சோர்வுக்குத் தனியாக மருந்து தேவைப்படுகிறதா? வீட்டிலோ விடுதியிலோ அவள் இன்னும் சொல்லாத வன்முறை ஏதாவது தொடர்கிறதா? நாமும் அவளும் சேர்ந்து அழகாக வெறும் பேச்சு பேசிக்கொண்டிருக்கிறோமா? மூன்றாவதைச் சொந்தக் கண்ணால் பார்ப்பது கடினம். ஓர் அமர்வைப் பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்தால் பதிவுசெய்து, சக ஊழியர் ஒருவரோடு பத்து நிமிடம் கேளுங்கள். யார் அதிகம் பேசுகிறார், நாம் கேட்ட கேள்விகளில் எத்தனைக்கு நமக்கே முன்கூட்டி விடை தெரிந்திருந்தது என்று மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.